ஒன்பது நிமிடம்தான் என் பங்கு

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கத்துவார்கள். பிறகு அழைப்பு மணியை அழுத்துவார்கள். மணி ஒலிப்பது லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் இரண்டாம் மாடியில், ஜன்னல் ஓரத்து மேசையில். எடுப்பவள் பூனையக்கா. அவள் நடந்து வருவதே யாருக்கும் கேட்காது என்பதால் மெக்கானிக்குகள் வைத்த பெயர் அது. குரலும் அப்படித்தான்.

"பயப்படாதீங்க. காத்து வரும், லிஃப்ட் கீழ விழாது. கதவ மட்டும் இழுக்காதீங்க. ஆள் கிளம்பிட்டார். நான் லைன்லயே இருக்கேன்."

ஏழு வருடமாக இதே வேலை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் பக்கத்து மேசைக்காரர் வேலையை விட்டுப் போனபோது, வருடாந்தர பராமரிப்பு ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டும் வேலையும் அவள் தலையில் வந்து விழுந்தது. "புது ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கங்க" என்றார் மேலாளர். புது ஆள் வரவில்லை. அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சம்பளம் மட்டும் இரண்டு வருடமாக நகராமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வர, உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாத்தனார் வந்திருந்தாள். வேறொரு நிறுவனத்தில் பணியாளர் பிரிவில் இருப்பவள். சம்பள உயர்வு கேட்கும் கடிதங்கள் அவள் கையைத் தாண்டித்தான் மேலே போகும். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, இது சம்பளம் கேக்குற கடிதமா, சண்டைக்குக் கூப்பிடுற கடிதமா?"

"நான் சொன்னதுல எது பொய்?"

"எதுவும் பொய் இல்ல. ஆனா 'மாடு மாதிரி உழைக்கிறேன்'னு எழுதியிருக்கீங்க. அவர் அதை எப்படி மேலிடத்துக்கு அனுப்புவார்? அவருக்கு மேல ஒருத்தர் இருக்காருல்ல, அவர் கேள்வி கேப்பார். பதில் சொல்ல இவர் கையில ஏதாவது குடுங்க. அப்புறம், கேஷியருக்கு எவ்வளவு சம்பளம்னு எழுதின வரிய முதல்ல அடிச்சிடுங்க. உங்க வேலையப் பத்தி மட்டும் பேசுங்க."

உள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. பள்ளி வேன் ஓட்டுபவர் அவர். "வீட்டு வாடகை ஏறினதையும் எழுதச் சொல்லு!"

"வாடகை எல்லாருக்கும்தான் ஏறுது, அண்ணா. அதுக்காக யாரும் சம்பளத்த ஏத்தி குடுத்துட மாட்டாங்க" என்றாள் நாத்தனார்.

பூனையக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாள் முதல், சாப்பாட்டு இடைவேளையில் பழைய அழைப்புப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டாள். எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை மணிக்கு மெக்கானிக் போய்ச் சேர்ந்தார் என்று ஒவ்வொன்றும் அவள் கையாலேயே எழுதியது. போன வருடம் அவள்தான் மெக்கானிக்குகளின் பகுதிகளை மாற்றிப் பிரித்துக் கொடுத்தாள்; ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவதை நிறுத்தினாள். அதற்கு முன் ஒருவர் போய்ச் சேரச் சராசரியாக ஐம்பத்திரண்டு நிமிடம். இப்போது முப்பத்துநான்கு. பதினெட்டு நிமிடம் மிச்சம்!

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் தேதிகளைச் சரிபார்த்தபோது ஒன்று உறுத்தியது. பகுதி பிரித்த நான்கு மாதம் கழித்து இரண்டு மெக்கானிக்குகள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரி நாற்பத்துமூன்று. அப்படியானால் உறுதியாகத் தன்னுடையது என்று சொல்லக்கூடியது ஒன்பது நிமிடம்தான்.

"பதினெட்டுன்னே போடேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். யோசித்துவிட்டு, "ஆள் எடுத்ததே மேலாளர்தான். அவருக்கு நல்லாவே தெரியும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கடிதம் ஒரே பக்கத்துக்குச் சுருங்கியது. தான் சேர்ந்தபோது இருந்த பொறுப்புகள், இப்போது கூடியவை. போய்ச் சேரும் நேரத்தில் குறைந்த ஒன்பது நிமிடம். மீதிக் குறைவில் புதிய ஆட்களுக்கும் பங்குண்டு என்ற ஒரு வரி. ஒப்பந்தங்களில், முந்தைய வருடம் நூற்று நாற்பதில் நூற்று ஒன்பது புதுப்பிக்கப்பட்டன. அவள் கைக்கு வந்த வருடம் நூற்று நாற்பத்துநான்கில் நூற்று முப்பத்தொன்று. இதே வேலைக்கு வெளியே வந்த மூன்று விளம்பரங்களின் நகல். கடைசியில், இருபது சதவிகித உயர்வைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன், நேரில் பேச அரை மணி நேரம் ஒதுக்கினால் நன்றி என்று முடித்தாள்.

எப்போது கொடுப்பது? அடுத்த வருடச் செலவுத் திட்டத்தை மேலாளர் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். அது போய்விட்டால் கதவு ஒரு வருடத்துக்குச் சாத்திக்கொள்ளும். ஒப்பந்தப் புதுப்பித்தல் கணக்கு வெளியாகும் வாரத்தின் செவ்வாய்க்கிழமை கொடுப்பதென்று தீர்மானித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்று லிஃப்டும் நின்றன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்து மேலாளரை வாங்கு வாங்கென்று வாங்கினார். கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் மேலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மாத முடிவுக்கு ஆறு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை லிஃப்டுகள் ஓடத் தொடங்கின. செயலாளரே போன் செய்து சமாதானமாகப் பேசினார் என்று தெரிந்தது. பதினோரு மணிக்கு மேலாளர் அறைக்குள் போனாள். அவள் வந்தது கேட்காமல் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சார், இது ஒரு கோரிக்கை. இப்பவே பதில் வேணாம். செலவுத் திட்டம் அனுப்பறதுக்கு முன்னால ஒரு தடவ படிச்சுப் பாருங்க."

திங்கட்கிழமை கூப்பிட்டார். காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இந்த வரி எதுக்கும்மா? புது ஆளுங்களுக்கும் பங்குண்டுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க?"

"அதுதான் சார் உண்மை."

"பதினெட்டு நிமிஷமும் உங்களாலதான்னு போட்டிருந்தா, அது எப்படின்னு நானே கேட்டிருப்பேன்" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி. "இருபது சதவிகிதம் முடியாது. எனக்குக் குடுத்திருக்கிற வரம்பு அதுக்கு இடம் தராது. பன்னெண்டு கேக்கறேன். அது கிடைக்கும்னு நினைக்கிறேன்."

பழைய பூனையக்காவாக இருந்தால் சரி சார் என்று எழுந்திருப்பாள். நாக்கு நுனிவரைக்கும் வந்தும்விட்டது.

"ரொம்ப நன்றி சார். மீதிய ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாமா? ஒப்பந்த வேலை என் பொறுப்புதான்னு பதவிப் பெயரிலயும் வரட்டும். ரெண்டையும் எழுத்துல குடுத்தா நல்லா இருக்கும்."

அவர் பென்சிலை உருட்டினார். சிரித்தமாதிரி இருந்தது.

"போன்ல கூட நீங்க இப்படித்தான் பேசுவீங்களா? எதிர்த்துப் பேசவே தோண மாட்டேங்குது. சரி, எழுதித் தரேன்."

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு சதவிகிதத்துக்கு ஒப்புதல் வந்தது. ஆறு மாத மறுபரிசீலனை தேதியோடு குறிக்கப்பட்டிருந்தது. பதவிப் பெயர், 'அழைப்பு மற்றும் ஒப்பந்த ஒருங்கிணைப்பாளர்'. கணவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, இவ்வளவு நீளப் பெயரை வேனில் எழுதினால் பின்பக்கம் போதாது என்றார்.

நாத்தனாருக்கு போன் செய்தாள். "இருபது கேட்டேன், பன்னெண்டுதான்" என்று இழுத்தாள்.

"கேக்காம இருந்தா எவ்வளவு, அண்ணி?"

பூனையக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேசை மணி அடித்தது. "அப்புறம் பேசறேன்" என்று கைபேசியை வைத்துவிட்டு மேசை போனை எடுத்தாள். யாரோ ஒரு பெரியவர், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.