யாசிர் பெயரில் ஒரு கல்

ஹுமேரா ஆம்பூரில் பெண்கள் பள்ளியொன்றின் இயற்பியல் ஆசிரியை. சிறுகோள் தேடும் சர்வதேச முகாமில் சக ஆசிரியை சௌமியாவோடு சேர்ந்திருந்தாள். தொலைநோக்கி எடுத்த நான்கு படங்களைக் கணினியில் மாற்றி மாற்றிப் போட்டபோது, பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தம்பி யாசிர்தான் முதலில் சொன்னான்: "ஆபா, அந்தப் புள்ளி நகருது பாரு."

அடுத்த ஆண்டு பாலாற்று வெள்ளம் யாசிரை இழுத்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. அவர்கள் அம்மி என்று அழைக்கும் தாய் சைரா, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்குச் சம்மதிக்கவில்லை.

அந்தப் புள்ளியும் கண்ட சில வாரங்களிலேயே தொலைநோக்கிக்கு அகப்படாமல் போயிருந்தது. பிறகு வந்த ஆண்டுகளில், சூரியனைச் சுற்றிவந்த ஒவ்வொரு முறையும், கணக்குச் சொன்ன இடத்தில் வந்து நின்றது. பாதை உறுதியானதும் அதற்கு நிரந்தர எண் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் இனி பெயர் முன்மொழியலாம் என்று முகாம் நடத்துபவர்கள் எழுதினார்கள்.

"யாசிர்னே வைப்போம்" என்றாள் சௌமியா. "யாருன்னு ரெண்டு வரி எழுதணும், அவ்ளோதான்."

ஹுமேரா ஆங்கிலத்தில் 'நீந்துவதை விரும்புபவனாக இருந்தான்' என்று எழுதி, அம்மியிடம் தமிழில் வாசித்தாள்.

"இருந்தானா?" என்றாள் சைரா. "அப்டி எழுதினா நாமளே அவனைப் புதைச்ச மாதிரி. காணாமப் போன கல்லு திரும்பி வரலையா?"

ஹுமேரா மாற்றவில்லை. மாற்றினால், அவன் திரும்பி வருவான் என்ற எண்ணம் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாள்.

சில மாதங்களில் பதில் வந்தது. பெயர்களுக்கு வாக்களிக்கும் சர்வதேசக் குழு, 'யாசிர்' என்பது வேறொரு சிறுகோளின் பெயரோடு மிகவும் ஒத்திருக்கிறது என்று மறுத்திருந்தது. சைரா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"பாத்தியா? அவங்களே ஒத்துக்கல."

ஹுமேரா ஊர்ப் பெயரையும் ஒட்டி 'யாசிராம்பூர்' என்று மறுபடி அனுப்பினாள். விதிப்படி அது ஆங்கிலத்தில் பதினாறு எழுத்துக்குள், ஒரே சொல்லாக இருந்தது. இம்முறை குழு ஏற்றது. பெயர்கள் வெளியாகும் அறிக்கையைச் சௌமியாதான் முதலில் திறந்தாள். திறந்தவள் திரையை ஹுமேரா பக்கம் திருப்பினாள்.

"இன்னா ஆச்சு?"

"நாம அனுப்பினதைச் சுருக்கியிருக்காங்க. நீயே படி."

'ஆம்பூரைச் சேர்ந்த யாசிர், கண்டுபிடித்தவரின் தம்பி. நீந்துவதை விரும்புகிறார்.'

விரும்புகிறார். இறந்த ஆண்டைத் தான் குறிப்பிடவே இல்லை என்பது ஹுமேராவுக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்தம் கேட்டு எழுதலாம் என்றாள் சௌமியா. ஹுமேரா உட்கார்ந்தாள், தட்டச்சு செய்தாள், அழித்தாள். கடைசிவரை அனுப்பவில்லை.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் மாடிக்கு வந்து, கல் எங்கே என்று கேட்டார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்று ஹுமேரா சொல்வதற்குள், சைரா இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்த இருட்டைக் காட்டினாள்.

"அதோ, வந்துட்டிருக்கான்."

பெண்கள் அந்த இருட்டையே பார்த்தார்கள். ஹுமேராவும் பார்த்தாள்.