பத்து நிமிடத்தில் வந்துவிடும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் யோசித்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவதை யார் படிப்பார்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அது சாக்குதான். தயங்கிய காரணம் வேறு. அந்தப் பொய்கள் போனது என் விரலால். தொழுகையில் நிற்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கிறது. அல்லாஹ்வுக்குத் தெரிந்ததை மனிதர்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று இப்போதுதான் துணிந்தேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசைப் பொறுப்பில் இருந்தேன். ஊர் பெயர் சொன்னது போதும், மருத்துவமனைப் பெயர் வேண்டாம். ஓ.பி. சீட்டிலிருந்து மருந்து, ரத்தப் பரிசோதனை, பில் வரை எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடியது. அதற்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸ் நின்றால் மருத்துவமனையே ஊமையாகிவிடும். அப்படி நிற்கும் நாட்களில் அரை மணிக்கு ஒருமுறை ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடவேண்டும் என்பது முதலாளி டாக்டர் வைத்த விதி. நல்ல விதி. எல்லோரும் சர்வர் அறைக்குப் போன் போட்டு அங்கே வேலை செய்பவரின் உயிரை எடுக்காமல் இருக்க அது உதவும். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதால் போடும் வேலை எனக்கு. என்ன போடவேண்டும் என்று சொல்லும் வேலை நிர்வாக மேலாளருக்கு.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். புறம் பேசுவது பாவம் என்று தெரியும். அவருக்கு நேராகவும் இதையே சொல்லியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். சித்திரை வெயிலிலும் டை கட்டுவார். நோயாளி என்ற சொல்லே அவர் வாயில் வராது, 'கஸ்டமர்' என்பார். வார்டு எந்த மாடியில் இருக்கிறது என்று லிஃப்டில் ஆயாவிடம் கேட்டவர். ஆனால் ஒரு வாக்கியத்தில் 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லை எங்கே சொருகலாம் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லாத் திரையும் உறைந்து நின்றது. நான் சர்வர் அறைக்கு ஓடினேன். அங்கே எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் இருந்தது. அதாவது ஒரே ஒரு பெண்.

"டிஸ்க் நிறைஞ்சு டேட்டாபேஸ் நின்னுருச்சு பாய். இடம் ஒதுக்கிட்டேன். இப்ப அது பாதியில நின்ன வேலையையெல்லாம் ஒண்ணொண்ணா சரிபார்த்துட்டுத்தான் எந்திரிக்கும். நடுவுல கை வைக்கக் கூடாது."

"எம்புட்டு நேரம் ஆகும்மா?"

"தெரியாது. ஸ்க்ரீன்ல முந்நூறு செகண்டுன்னு காட்டும், அடுத்த நிமிஷம் ரெண்டாயிரம்னு காட்டும். அதை நம்பாதீங்க. பேப்பருக்கு மாறச் சொல்லுங்க. வாரதுக்கு மணி எதுவும் போடாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதப் பிறவி சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பின்னால் வந்து நின்ற மேலாளர் அந்தப் பெண் சொன்னதைக் கேட்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். முந்நூறை அறுபதால் வகுத்தார். பத்து மணிச் செய்தி இப்படிப் போனது: 'அன்பான குடும்பத்தினரே, சிறிய தொழில்நுட்பப் பராமரிப்பு நடைபெறுகிறது. நம் குழு முழு அர்ப்பணிப்புடன் செயல்படுகிறது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.'

குடும்பமாம். குடும்பத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் 'சிறிய பராமரிப்பு' என்றா சொல்வார்கள்? நான் போட்டேன்.

அந்த நேரத்தில் என் மேசைக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பரவை மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம். கணவருக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டிருந்தது. கை கால் தளர்ந்துபோய் அன்று காலைதான் சேர்த்திருந்தார்கள். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தாயிற்று. அதில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியவேண்டும். அது அளவுக்கு மேல் ஏறியிருந்தால் இதயம் திடீரென்று நின்றுபோகலாம். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது, ரிசல்ட் வந்ததும் உடனே கூப்பிடச் சொல்லி நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"என்ன பாய், ரத்தம் வந்துருச்சா?"

"கம்ப்யூட்டர் நின்னுருச்சும்மா. அஞ்சு நிமிஷம்."

பத்தரைக்குச் செய்தி: 'பணிகள் 90 சதவீதம் நிறைவு. பத்து நிமிடத்தில் வந்துவிடும்.' தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பாசிட்டிவா இருக்கணும் பாய்" என்றார். பூஜ்ஜியத்துக்கு முன்னால் ஒரு ஒன்பதைப் போட்டால் தொண்ணூறாகிவிடும், அதுவும் பாசிட்டிவ்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவன். போட்டேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் சர்வர் அறைக்குள் போய், "ரீஸ்டார்ட் பண்ணுங்க, என் லேப்டாப் அப்படித்தான் சரியாகும்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் மன்றாடினார். முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிச் செய்ய வைத்தார். அதுவரை சரிபார்த்தது அத்தனையும் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வெளியே வந்தவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பதினொரு மணிச் செய்தி: 'இறுதிக் கட்டத்தில் உள்ளோம். விரைவில்!' ஆச்சரியக்குறி அவர் போடச் சொன்னது.

அந்த அம்மா எழுந்து வந்தார். "ஏன் பாய், அந்தப் பொட்டி எந்திரிச்சாத்தான் எம் புருஷன் எந்திரிப்பாரா? அவருக்கு நாக்குக் குழறுது. நர்ஸம்மாகிட்ட கேட்டா இந்தா வருது இந்தா வருதுங்குது."

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. மேசையை விட்டு லேப்புக்கு ஓடினேன். டெக்னீஷியன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டாசியம் ஓடியாச்சாண்ணே?"

"எல்லாம் பத்தே காலுக்கே ஓடியாச்சு. மெஷின்ல நம்பர்தான் இருக்கு, பேரு இல்ல. பேரு சிஸ்டத்துலருந்துதான் வரும். ரெண்டு மூணு அளவு மீறிச் செவப்பாக் காட்டுது."

"குழாய்ல ஒட்டின சீட்டுல பேரும் நம்பரும் இருக்குமே. சேர்த்துப் பார்த்துப் போன்ல சொல்லலாம்ல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்பது குழாய் பாய். பத்து நிமிஷத்துல வந்துரும்னு போட்டது யாரு? நீங்கதான?"

இந்த நாலு வருடத்தில் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. மேலே நர்ஸ் காத்திருந்தது என் செய்தியை நம்பி. இங்கே இவர் டீ குடித்ததும் என் செய்தியை நம்பி. வராது என்று தெரிந்திருந்தால் இருவருமே வேறு வழி பார்த்திருப்பார்கள். பழுது மெஷினில் பாதி, என் செய்தியில் பாதி.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. மேலாளர் என் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அடுத்தது போடுங்க பாய். பத்து நிமிஷம்னே போடுங்க. வேணும்னா உங்க ஆளுக சொல்ற மாதிரி முன்னாடி ஒரு இன்ஷா அல்லாஹ் சேத்துக்கோங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

நான் மேசையைச் சுற்றி அவர் முன்னால் போய் நின்றேன்.

"அது, எனக்குத் தெரியாது, இறைவனுக்குத்தான் தெரியும்னு ஒத்துக்கிற வார்த்தை சார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி விக்கிறதுக்கு வச்ச லேபிள் இல்ல. எந்திரிங்க, அது என் சீட்டு."

எழுந்துவிட்டார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. நான் உட்கார்ந்து, அந்தப் பெண் காலையில் சொன்னதை நினைத்துக்கொண்டு எழுதினேன்:

'மணி 11.30. மென்பொருள் இயங்கவில்லை. எப்போது வரும் என்று தெரியாது. மதியம் வரை வராது என்று வைத்துக்கொண்டு எல்லோரும் தாளில் வேலை செய்யுங்கள். லேப்: குழாய்ச் சீட்டைப் பார்த்து ரிசல்ட்டைத் தாளில் எழுதிக் கொடுக்கவும். சிவப்பில் உள்ளதை முதலில் போனில் சொல்லவும், கேட்பவர் பெயரையும் எண்ணையும் திருப்பிச் சொல்லவேண்டும். மருந்து: டாக்டர் கையெழுத்துச் சீட்டு போதும். எழுதிய தாளை எறியாதீர்கள், பிறகு ஏற்றவேண்டும். இதற்கு முன் போட்ட மூன்று செய்திகளில் சொன்ன நேரம் தவறு. அடுத்த செய்தி 12.00 மணிக்கு, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வரும்.'

ஏழு நிமிடத்தில் லேப்பிலிருந்து வார்டுக்குப் போன் போனது. அந்த அம்மாவின் கணவருக்குப் பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. ஐந்தரையைத் தாண்டினாலே கவலைப்படவேண்டிய எண் அது. நர்ஸ் பெயரையும் எண்ணையும் திருப்பிச் சொன்னதை லேப் ஆள் பிறகு என்னிடம் சொன்னார். டாக்டரை வெளியே அழைத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், கால்சியம் ஊசி போட்டார்கள், டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என் மேசையைக் கடந்துதான் ஸ்ட்ரெச்சர் போனது. அந்த அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். கணவர் பிழைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

ஸ்ட்ரெச்சர் போன அதே நேரத்தில் நம் மேலாளர் செய்த காரியம் என்ன தெரியுமா? குழுவின் அட்மின் என்ற அதிகாரத்தில் என் செய்தியை அழித்தார். ஆனால் அதற்குள் வார்டு நர்ஸ் அதை எழுத்து மாறாமல் எக்ஸ்ரே கவரின் பின்புறம் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மருந்துக் கடையிலும் ஒருவர் எழுதி வைத்திருந்தார். குழுவில் இல்லாத செய்தியை வைத்துக்கொண்டு மருத்துவமனை ஓடியது. பன்னிரண்டுக்கு நான் மறுபடி போட்டேன்: 'மாற்றம் இல்லை. தாளிலேயே தொடரவும். அடுத்தது 12.30.' அதையும் அழித்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள். இரண்டேகாலுக்குத்தான் டேட்டாபேஸ் எழுந்தது.

மறுவாரம் முதலாளி முன்னால் கூட்டம். எக்ஸ்ரே கவர் மேசைக்கு வந்தது. மேலாளர் அதைத் தன் யோசனை என்றார்! அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதைத் தட்டச்சு செய்து கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியபோது பார்த்தேன். 'எப்போது வரும் என்று தெரியாது' என்ற வரி இல்லை. அந்த இடத்தில் 'நம் குழு அர்ப்பணிப்புடன் செயல்படுகிறது, விரைவில் சரியாகும்' என்று இருந்தது. 'சொன்ன நேரம் தவறு' என்ற வரியும் இல்லை. அவ்வளவு படித்தவர், அந்தச் செய்தியில் வேலை செய்த இரண்டே வரிகளைத் தேடிப் பிடித்து நீக்கியிருந்தார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த அம்மா ஒரு கூடை தக்காளியோடு வந்தார். "நீங்க எழுதிப் போட்டீங்களாமே பாய், அதனாலதான்னு நர்ஸம்மா சொன்னாங்க. நல்லாயிருப்பீங்க" என்று கைகூப்பினார். அதற்கு முந்தைய மூன்றையும் போட்டவன் நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒன்றேகால் மணி நேரம் அவர் கணவர் சாவின் வாசலில் கிடந்தது அதனால்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். கூடையை வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள், எனக்கு மட்டும் இறங்கவில்லை. மேலாளரை இகழ்ந்து இவ்வளவு எழுதிய பேனா இந்த இடத்தில் என் பக்கம் திரும்பாவிட்டால் அது வெறும் வயிற்றெரிச்சல்.

அம்மா, எங்கேயாவது இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், மன்னித்துவிடுங்கள்.

படித்தவர்கள் இதைத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். செய்தி போடும் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் உள்ளபடியே அனுப்புங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வரியைக் குறைக்கவேண்டாம். தயவுசெய்து எங்கேயும் ஒரு 'விரைவில்' சேர்க்கவேண்டாம்.