தங்கையாவின் மூக்கும் நெஞ்சும்

மனிதர் சொன்னால் தங்கையா எதையும் நம்பமாட்டார். அச்சில் வந்தால் எதையும் நம்பிவிடுவார். மலேசியாவில், மலாக்கா பக்கம் புக்கிட் பெருவாங்கில் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி மங்களம் முப்பது வருடமாகச் சொல்லியும் ஏறாத விஷயங்கள், மருந்துப் பாட்டில் லேபிளில் இருந்தால் ஒரே வாசிப்பில் ஏறிவிடும்.

பஸ் லைசென்ஸ் புதுப்பிக்க உடல் பரிசோதனை வேண்டும். மலாக்கா டவுன் கிளினிக்கில், வயது ஐம்பதைத் தாண்டியவர் என்பதால் இசிஜியும் எடுத்தார்கள். மெஷின் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. டாக்டர் திலகவதி வாசலில் நின்றபடியே தாளைப் பார்த்து, "ஓகே அங்கிள், திங்கட்கிழமை வாங்க, பேசலாம்" என்றார். சொல்லிவிட்டு, தாளை அவர் கையில் கொடுத்து, பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பார்க்க ஓடினார். தங்கையா கண்டது ஓட்டத்தை மட்டுந்தான். ஒன்றுமில்லை என்றால் டாக்டர் ஏன் ஓட வேண்டும்?

வீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எழுத்துக் கூட்டினார். 'நார்மல் சைனஸ் ரிதம்.' சைனஸ் என்றால் அவருக்குத் தெரியும். மலாய்க்காரர்கள் ரெஸ்டோங் என்கிற அந்த மூக்குச் சனியன் இளமையிலிருந்தே கூட வருகிறது. காலையில் அவர் போடும் தும்மலில் பஸ் கண்ணாடி அதிரும். ஆக, 'நார்மல் சைனஸ்' என்றால் வழக்கமான அதே சைனஸ். மூக்கில் இருந்தது இறங்கி நெஞ்சில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வரி, 'நார்மல் ரேட்.' கிளினிக்காரர்கள் கூடுதலாக வாங்கவில்லை என்று கொஞ்சம் நிம்மதி. கடைசி வரியை மூன்று தடவை வாசித்தார்: 'அன்கன்ஃபர்ம்ட்.' அவர் உயிர் இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை.

மங்களத்திடம் சொல்லாமல் போய் பஸ் சாவியைச் சேகரனிடம் கொடுத்தார். எதிர்வீட்டுச் சேகரனுக்கும் அந்த லைசென்ஸ் உண்டு. திங்கள் முதல் நீயே ஓட்டு என்றார். தன் நெஞ்சு நின்றால் போகிறது. பிள்ளைகள் ஏறியிருக்கும்போது நிற்கக் கூடாது. அந்த பஸ்ஸைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது. விஷயத்தைச் சேகரன் வழியாகக் கேள்விப்பட்ட மங்களம் அழவில்லை, திட்டினார். திட்டிக்கொண்டே இரவு முழுக்க அவர் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை இருவரும் டாக்டர் முன் உட்கார்ந்தார்கள். தங்கையா தன் கண்டுபிடிப்பைச் சொல்லி முடித்ததும் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அங்கிள், சைனஸ்னா குழி மாதிரி ஒரு இடம், அவ்ளோதான். மூக்கோரம் இருக்கிறது ஒண்ணு. இதயத்துல, மேல வலது பக்கம், சைனஸ் நோடுன்னு வேற ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு துடிப்பும் அங்கிருந்துதான் கிளம்பணும். உங்களுக்கு அங்கிருந்துதான் கிளம்புது, ஒழுங்கா வருது. உங்க பஸ் சரியான ஸ்டாண்டுலேருந்து எடுக்கிற மாதிரி."

மங்களத்துக்குச் சட்டென்று பிடிபட்டது. "நாம முன்ன இருந்த ரப்பர் தோட்டத்துல ரெண்டு ராஜம்மா இருந்தாங்களே, அந்த மாதிரி. ஒருத்திக்கு வந்த கல்யாணப் பத்திரிகைய இன்னொருத்திகிட்ட குடுத்துட்டு வந்தவருதானே இவரு."

தங்கையா அதைக் காதில் வாங்காமல் ரேட்டைப் பற்றிக் கேட்டார். அது கிளினிக் கட்டணமில்லை, ஒரு நிமிடத்தில் இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்பது. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு அறுபதிலிருந்து நூறு வரை நார்மல், அவருக்கு எழுபத்திரண்டு என்றார் டாக்டர். அன்கன்ஃபர்ம்ட் என்பதற்கு, மெஷின் தானே படித்து எழுதியதை டாக்டர் இன்னும் சரிபார்க்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். டாக்டர் அந்த வார்த்தையை அங்கேயே அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இந்தத் தாள் நல்லா இருக்குன்னு எல்லாத்துக்கும் கேரண்டி இல்ல லா. நடக்கும்போது நெஞ்சு அடைச்சா, வேர்த்து வலி கைக்கு இறங்குனா, தாளப் பார்த்துக்கிட்டு உக்காராம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அன்று மாலை சாவி வாங்கப் போனபோது சேகரன் தாளை எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, சைனஸ்னு போட்டிருக்கு?"

"அது வேற ராஜம்மாடா" என்றார் தங்கையா, பெரிய டாக்டர் தோரணையில். மேலும் விளக்க வாயைத் திறந்தவரை ஒரு தும்மல் தூக்கிப் போட்டது. மூக்கைத் துடைத்தபடி சாவிக்குக் கையை நீட்டினார்.

"இது பழைய ராஜம்மா."