முதல் சாக்கெட்டில் பழைய டிஸ்க்

என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். அவளுக்கு அது மெஷினிடம் மட்டும்தான் உண்டு, மனிதர்களிடம் கிடையாது. கல்யாணமான புதிதில் மாமா ஒருநாள் கை ஓங்கினார். அவள் மடியில் ஒரு கீபோர்டு இருந்தது. அதாலேயே முகத்தில் ஒன்று வைத்தாள். பட்டன்கள் வீடு முழுக்கச் சிதறின, கூடவே மாமாவின் முன்பல் ஒன்றும். இன்றைக்கும் காப்பி வேண்டும் என்றால் மாமா கதவுக்கு அந்தப்பக்கம் நின்றுதான் கேட்பார்.

தெருவில் அவளைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். ஆனால் வேலையில் அவளைப்போல் சுத்தம் பார்த்து நான் யாரையும் கண்டதில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தால், மெஷினை எழுப்புவதற்கு முன்பு பழையதைக் கழற்றி வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

"ரெண்டும் உரிச்சு வச்ச மாதிரி ஒரே ஜாடை. மெஷினுக்கு எது புதுசு எது பழசுன்னு தெரியாது. வரிசையில முதல்ல எது நிக்குதோ அதைத்தான் எழுப்பும். அதனால பழசு பெட்டிக்குள்ளயே இருக்கக்கூடாது" என்பாள். இந்த விதியை அவள் மீறி நான் பார்த்தது ஒரே தடவைதான்.

நான் ஒரு கல்குவாரியின் எடைமேடையில் வேலை பார்த்தேன். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை கம்ப்யூட்டரில் விழும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். சீட்டு இல்லாமல் ஒரு கல்கூட வெளியே போகாது. டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் அக்காவை வரவழைத்தேன். அவள் நகல் எடுத்து, புதியதைப் பூட்டி, பழையதை முதலாளியின் மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

மாப்பிள்ளைக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. மெஷின் இன்னும் வேகமாக எழ வேண்டுமாம். ஒருநாள் காலையில் எனக்கு முன்பே வந்து செட்டிங்ஸுக்குள் போயிருக்கிறார். ஃபாஸ்ட் பூட்டைப் போட்டார். பழைய முறைக்கு இடம் கொடுக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடு 'பழசு' என்று தோன்றியதால் அதை அணைத்தார். கையில் சும்மா கிடந்த பழைய டிஸ்க்கையும், இரண்டு இருந்தால் பலம் என்று முதல் சாக்கெட்டில் செருகி, புதியதை இரண்டாவதுக்குத் தள்ளினார். சேமித்துவிட்டு பட்டனைத் தட்டினார்.

எழுப்ப டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. திரும்ப செட்டிங்ஸுக்குள் போகலாம் என்றால் கீபோர்டு செத்துக் கிடந்தது.

வெளியே லாரிகள் சேர ஆரம்பித்தன. வெயில் ஏற ஏற ஹாரன் சத்தமும் ஏறியது. டிரைவர்கள் கேபின் கதவை உதைத்தார்கள். ஒரு கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து மானிட்டருக்குப் பக்கத்தில் விழுந்தது. மாப்பிள்ளை மூலையில் ஒதுங்கி நின்று, "எனக்கு என்னங்க தெரியும்? இவனோட அக்காதான் புது டிஸ்க் போட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ பண்ணிட்டாங்க" என்று கத்தினார்.

அவ்வளவுதான். லாரிக்காரர்களின் மேஸ்திரி உள்ளே வந்தான். கடப்பாரை என்றுதான் அவனுக்குப் பெயர், ஆளும் அப்படித்தான். என் பிடரியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். வாயெல்லாம் ரத்தம். என் வலது கையை மேஜைமேல் விரித்து அழுத்திக்கொண்டு, ஜாக்கி லீவரை விரல்களுக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"நாங்க கூலி வாங்கற நடைக் கணக்கு எல்லாம் இதுக்குள்ள இருக்கு. அது வரலைன்னா இந்தக் கை சீட்டு அடிக்காது. கூப்பிடுடா உங்க அக்காவை."

அக்கா வந்தாள். கூட்டத்தில் எவனோ அவள் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவன் முழங்கையில் திருப்புளியை இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். என்னைப் பார்த்தாள். லீவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கையை விடுடா."

"முதல்ல மெஷின்" என்றான் கடப்பாரை.

அவள் மெஷினை எழுப்பி, செட்டிங்ஸுக்குள் போக டெலீட் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "ஃபாஸ்ட் பூட் போட்டியா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது போட்டா எழும்போது கீபோர்டைக் கண்டுக்காது. கம்பாட்டிபிலிட்டியையும் அணைச்சிருப்பியே? இந்த டிஸ்க் பழைய முறையில எழுதினது. அது அணைஞ்சா இப்படி ஒரு டிஸ்க் இருக்கறதே மெஷின் கண்ணுல படாது."

கரண்டைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றியபோது தகரத்தின் ஓரம் அவள் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட போர்டிலிருந்த சின்ன வட்ட பேட்டரியை நெம்பி எடுத்தாள். "இதை எடுத்தா போட்ட செட்டிங் எல்லாம் மறந்துடும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். பேட்டரியைத் திரும்பப் போட்டு மெஷினைத் தட்டினாள். இப்போது டெலீட் பட்டன் வேலை செய்தது. உள்ளே போய்த் தேதியைச் சரிசெய்தாள், கம்பாட்டிபிலிட்டி மோடைப் போட்டாள்.

அந்த நேரத்தில் கடப்பாரை லீவரை என் விரல்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். நான் "அக்கா" என்று அலறிவிட்டேன்.

அவள் அதோடு சேமித்துவிட்டு செட்டிங்ஸை விட்டு வெளியே வந்தாள். பெட்டி திறந்தே கிடந்தது. முதல் சாக்கெட்டில் பழைய டிஸ்க் இருந்ததை அவள் பார்த்தாள்தான். வரிசையில் முதலில் நின்றதும் அதுதான். கழற்றவில்லை. அவள் கண் என் கையில் இருந்தது.

மெஷின் எழுந்தது. வெளியே விசில் பறந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடப்பாரை லீவரை இறக்கிவிட்டு, "எங்க நடையைக் காட்டு" என்றான்.

திறந்தால், அக்கா நகல் எடுத்த நாளோடு எல்லாம் நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு லாரிகூட அந்த மேடையில் ஏறியதாக இல்லை.

"அழிச்சிட்டீங்களா?" என்றான் அவன்.

"இரு! இது பழைய டிஸ்க்குடா! எழுந்தது தப்பான டிஸ்க்..."

அவள் முடிப்பதற்குள் லீவர் இறங்கிவிட்டது. என் ஆள்காட்டி விரல் உடைந்த சத்தத்தை நானே கேட்டேன். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்கா மெஷினை அணைத்தாள், பழைய டிஸ்க்கை வயரோடு பிடுங்கினாள், நேராகக் கடப்பாரையின் மூக்கில் இறக்கினாள். அவன் நாற்காலியோடு மல்லாந்தான். விழுந்தவனை விடாமல் இன்னும் ஒன்று வைத்தாள். வாசலில் நின்றவர்கள் ஒருவரும் உள்ளே வரவில்லை. அந்த டிஸ்க்கை மாப்பிள்ளை காலடியில் வீசிவிட்டு, மறுபடி செட்டிங்ஸுக்குள் போனாள். வரிசையில் புது டிஸ்க் மட்டும் இருப்பதைப் பார்த்து, சேமித்து, எழுப்பினாள்.

முந்தின நாள் மாலை கடைசியாக ஏறிய லாரிவரை எல்லாம் இருந்தது. ஒரு நடைகூடக் குறையவில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பாரை திரையையே பார்த்தான். "முதல்லயே இதைக் காட்டியிருந்தா..." என்று முணுமுணுத்தான். மறுபடியும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. அந்த விரல் மடங்காது. இப்போது நான் அக்கா கடையிலேயே இடது கையால் வேலை பார்க்கிறேன். இன்னும் அவளுக்கு மூக்குக்கு மேல்தான் கோபம், வாடிக்கையாளர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். நகல் எடுக்கும் வேலை வந்தால் மட்டும் அடங்கிவிடுவாள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, உரியவர் கையில் கொடுக்காமல் முதலில் என் வலது கையில் வைப்பாள். நான் அதை நான்கு விரலால் பிடித்துக்கொள்வேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவாள்.

"விடுக்கா, அவன் அடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்று ஒருநாள் சொன்னேன்.

"கழட்டறதுக்கு ஒரு இழுப்புதானேடா ஆகியிருக்கும்" என்றாள். கீபோர்டால் பல்லை உடைத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.