பாதியில் உடைந்த எச்சரிக்கை

என் மருமகளை வேலை செய்யும் இடத்தில் ‘முற்றுப்புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோக்களின் அடியில் வரும் எழுத்துகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அங்கே ஒரு வரி நாற்பத்திரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரே நேரத்தில் திரையில் இரண்டு வரிக்கு மேல் நிற்கக் கூடாது. நிற்கிற நேரத்துக்குள் சாதாரண ஆள் நிதானமாக வாசித்து முடிக்க வேண்டும். முடியாதென்றால் அர்த்தம் கெடாமல் சுருக்கிவிடுவாள். விட்டுப்போன ஒரு காற்புள்ளிக்காக வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பவள்.

அதே அறையில், ஜன்னலோர மேசையில் மொழிபெயர்ப்பு செய்பவள் என் மகள். நாத்தனாரை அங்கே சேர்த்துவிட்டதே மருமகள்தான்.

காது கேளாத நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை எடுத்த வீடியோ, பிழை இருக்கிறதென்று திரும்பி வந்தது. மாத்திரை பற்றிய இடத்தில் திரையில் முதலில் இப்படி வந்திருந்தது:

‘வெறும் வயிற்றில் சாப்பிடலாம்’

அது மறைந்த பிறகுதான் அடுத்தது:

‘என்று நினைக்க வேண்டாம்.’

அந்த இரண்டாவது துண்டு கண்சிமிட்டும் நேரம்தான் நின்றது. முதல் துண்டை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகும்?

உரிமையாளர் இருவரையும் அழைத்தார். “எழுதினது ஒருத்தர், பாத்தது ஒருத்தர். இன்னொரு தடவ இப்படித் திரும்பி வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலைக்கு வரவேண்டாம். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க.”

மருமகளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வாக்கியத்தை ஒரே நேரத்தில் திரையில் தெரியும்படி மேலும் கீழுமாக இரண்டு வரியாகச் சேர்த்து வைத்தது அவளேதான். தான் அனுப்பிய பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவள் திருத்தும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது யார்? என் மகள்.

அன்று முதல் வீட்டில் சாப்பாட்டு மேசையில் குத்தல் பேச்சுதான்.

“என்ன அண்ணி, ரசத்தையும் சரிபாத்துட்டுத்தான் ஊத்துவீங்களா?”

“யாராவது நான் போனப்புறம் உப்பு போட்டுடுவாங்களோன்னு பயம்.”

என் மகன் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் நகர்ந்துவிட்டான். அதுதான் அவனுக்குத் தெரிந்த சமாதானம்.

மருமகள் தான் அனுப்பும் ஒவ்வொரு கோப்புக்கும் யாருக்கும் தெரியாமல் நகல் வைத்தாள். மகள் மேசையை விட்டு எழுந்தால் எதற்கு என்று பார்த்தாள். அடுத்த வீடியோ மருத்துவமனைக்குப் போகவிருந்த காலையில், அனுப்பத் தயாராக இருந்த கோப்பைத் திறந்து தன் நகலோடு பக்கத்தில் வைத்து ஓட்டினாள். மறுபடியும் உடைந்திருந்தது. ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில்.

“வா இங்க,” என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். “இதையெல்லாம் யார் உடைச்சது?”

மகள் குனிந்து பார்த்தாள். “நான் வாக்கியத்த ரெண்டா பிரிச்சா முதல் பாதி முடிவுல மூணு புள்ளி வைப்பேன். அதுக்கு நீங்க எத்தன தடவ திட்டியிருக்கீங்க! இங்க ஒரு புள்ளிகூட இல்லையே அண்ணி.”

அது உண்மை. ஆனாலும் மருமகள் நம்பிவிடவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் புள்ளியை எடுத்திருக்கலாமே? எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். முதல் உடைப்பு, மருத்துவர் முகத்திலிருந்து மாத்திரைப் பட்டைக்குக் காட்சி மாறும் இடம். அடுத்தது, மாத்திரையிலிருந்து தண்ணீர்க் குவளைக்கு மாறும் இடம். எல்லா உடைப்பும் காட்சி வெட்டிலேயே விழுந்திருந்தது. ஒரே காட்சி நீளமாக ஓடிய இடத்தில் ஒரு வாக்கியம்கூடக் கலையவில்லை. வஞ்சம் வைத்துக் கெடுப்பவள் வெட்டுப் பார்த்துக் கெடுப்பாளா?

எழுத்து எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று நேரம் குறிப்பவரிடம் இருவரும் போனார்கள்.

“கடைசியா அனுப்புறதுக்கு முன்னாடி என்ன பண்றீங்க சார்?”

“ஒண்ணுமில்லம்மா. புது மென்பொருள்ல ஒரு பட்டன் இருக்கு. எழுத்து ஒரு வெட்டத் தாண்டி நின்னா வெட்டுலயே பிரிச்சிடும். மேல் வரி இந்தப் பக்கம், கீழ் வரி அந்தப் பக்கம். பாக்க நறுக்குன்னு இருக்கும்.”

“நான் பாத்து முடிச்சப்புறமா அமுக்குறீங்க?”

“ஒரு எழுத்துலகூட நான் கை வைக்கலயே!” அவர் முகத்தில் கள்ளம் இல்லை. எழுத்து மாறாவிட்டால் எதுவும் மாறவில்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

உடைந்த இடங்களை மருமகள் ஒவ்வொன்றாக மறுபடி சேர்த்தாள். வீடியோ அன்றே போனது, திரும்பி வரவில்லை. இனி அந்தப் பட்டனை அமுக்குவதானால் சரிபார்ப்புக்கு முன்பே அமுக்க வேண்டும், அவள் பார்த்த பிறகு கோப்பை யாரும் தொடக் கூடாது என்று உரிமையாளர் உத்தரவு போட்டார். இருவருடைய வேலையும் தப்பியது.

பேருந்து நிறுத்தத்தில் மகள் கேட்டாள்: “என் மேல சந்தேகப்பட்டுத்தானே நகல் எடுத்து வச்சீங்க?”

“ஆமா.”

“எத்தன நாளா?”

மருமகள் பேருந்து வரும் திசையைப் பார்த்தாள். பேருந்து வந்தது. மகள் ஏறி, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். மருமகள் நின்றுகொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து என் மகளும் தான் அனுப்பும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கிறாள்.