சொட்டு மருந்தில் வளர்ந்தது

காது டாக்டராகி இத்தனை காலமாகியும் காதுப் பூஞ்சையின் நாற்றம் எனக்குப் பழகவில்லை. தினமும் ஆற்றில் முங்கிக் குளிக்கும் மில்காரர் ஒருவர் காது அரிப்போடு வந்தார். உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டதும், நனைந்த செய்தித்தாள் போல, கறுப்புப் புள்ளிகளோடு பூஞ்சை கொத்தாக வந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்.

“அண்ணாச்சி, இது பாக்டீரியாவத்தான் கொல்லும். போட்டிக்கு ஆளில்லாம, ஈரமும் கெடச்சு, பூஞ்சை நல்லா வளந்துட்டு.”

செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்துவிட்டு, பூஞ்சைக்கான சொட்டு மருந்து எழுதினேன். காதில் தண்ணீர் படக்கூடாது என்றேன்.

தலையாட்டியவர், காட்டக் கொண்டுவந்திருந்த பழைய ஆன்டிபயாடிக் குப்பியைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார்.

“மகளும் காது அரிக்குன்னு சொல்லுதா. மிச்சத்த அவளுக்கு ஊத்திவிடுதேன்.”