நூற்றைம்பது பஸ்கி

என்னிடம் பணம் கட்டிப் பயிற்சிக்கு வந்தவர்களை, அவர்களாகவே நின்றுவிடும்படி செய்து துரத்தினேன். தெரியாமல் செய்ததில்லை. முதல் நாள் எவ்வளவு பயிற்சி கொடுத்தால் மூன்றாம் நாள் ஒருவனால் படி இறங்க முடியாது என்பதைச் சென்னையில் ஒரு வருடம் படித்து, பரீட்சை எழுதித் தேறியவன் நான். அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒருவர் தையல்காரர். அவருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. படிப்பு முடித்துத் திருவண்ணாமலைக்குத் திரும்பியபோது எந்தப் பள்ளியிலும் டிரில் மாஸ்டர் வேலை காலியாக இல்லை. காத்திருக்கும் நேரத்தில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் திறக்கலாம் என்று நினைத்தேன். மண்டித் தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கு ஒன்றின் பின்பாதி வாடகைக்குக் கிடைத்தது. தரையைக் கொத்தி ஆற்று மணல் பரப்பினேன். தொங்கிப் பழகச் சவுக்குக் கழியில் இரண்டு பார். இரும்புக் கம்பியின் இரு முனையிலும் சிமெண்டு வார்த்த பளு மூன்று. கரலாக்கட்டை நான்கு ஜோடி. முடிதிருத்தும் கடையில் கழித்துப்போட்ட, ஓரம் ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி. அவ்வளவுதான் கூடம். எவ்வளவு கழுவியும் மல்லாட்டை வாசனை போகவில்லை.

காலையில் ஐந்து மணிக்கு ஒரு குழு, ஆறு மணிக்கு ஒரு குழு. மாலையில் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இரண்டு. மாதம் இரண்டு ரூபாய். மூன்று மாதத்துக்கு முன்பணமாகக் கட்டினால் ஐந்து ரூபாய். நின்றால் திருப்பித் தருவதில்லை. இதை ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். எதிர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "வாத்தியாரே, அங்க தூக்குனா எங்களுக்குக் கூலி குடுக்கறாங்க. இங்க தூக்குனா நாங்க உனக்குக் குடுக்கணுமா?" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். கடைப் பையன்கள், மாணவர்கள், தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாக்கள், கோயிலைச் சேர்ந்தவர்கள். கடைக்காரர்களுக்கு மாலை ஒத்துவராது. கோயில்காரர்களுக்கு விடியற்காலை ஒத்துவராது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று யாருமே வரமாட்டார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். முதல் மாதம் முடியும்போது ஐந்து மணிக் குழுவில் மட்டும் பதினாறு பேர். அந்த இடத்தில் கையை வீசினால் பக்கத்து ஆள் மேல் படாமல் எட்டுப் பேர்தான் நிற்கலாம்.

நான் செய்திருக்க வேண்டியது இன்னொரு குழுவைத் தொடங்குவது, அல்லது கொஞ்ச நாள் யாரையும் சேர்க்காமல் இருப்பது. செய்தது வேறு. முன்பணம் கட்டிப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நூறு, நூற்றைம்பது பஸ்கி கொடுத்தேன். பத்து அல்லது பதினைந்தில் ஆரம்பித்து வாரா வாரம் ஏற்றவேண்டும் என்பது பாடம். ஒரே நாளில் அத்தனை முறை உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் தொடை கல்லாகிவிடும். அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார். பணம் தங்கும், இடம் காலியாகும். வராதவர்கள் தங்கள் சோம்பேறித்தனத்தைத்தான் நொந்துகொள்வார்கள். வாத்தியாரைக் குறை சொல்லத் தெரியாது.

போதாதென்று வாசலில் ஒரு கரும்பலகையும் வைத்தேன். ஒரு பக்கம் 'பயில்பவர்கள்' என்று போட்டு எண்ணிக்கை. மறுபக்கம் 'நின்றவர்கள்' என்று போட்டுப் பெயர்கள். இருக்கிறவர்கள் வெட்கப்பட்டாவது வரட்டும் என்று. அதே மூட்டைக்காரர் அதையும் விடவில்லை. "நின்னவங்கன்னு போட்டா இன்னும் இங்கயே நிக்கறாங்கன்னு இல்ல அர்த்தம்? ஓடிப்போனவங்கன்னு போடு, வாத்தியாரே."

தையல்காரர் புரட்டாசித் தொடக்கத்தில் வந்தார். முப்பது வயது இருக்கும். நாள் முழுதும் மிஷின் முன் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு லேசாக வளைந்திருந்தது. ஐந்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, தான் ஏன் வந்தார் என்பதைச் சொன்னார். கார்த்திகைத் திருவிழாவில் சாமி தூக்கும் கூட்டத்தில் அவர் குடும்பத்துக்கு ஒரு தோள் உண்டு. வாகனத்தின் தண்டில் இடப்பக்கம், மூன்றாவது ஆள். அவருடைய அப்பா இருபது வருடம் தூக்கிய இடம். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது.

"எடம் எனக்குத்தான் வரணும் சார். ஆனா ஆள் நோஞ்சானா இருக்கான், தாங்கமாட்டான்னு பேசிக்கறாங்க. சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கான். அவன் மில்லுல வேல செய்யறான், ஒடம்பு ஜாஸ்தி. ஐப்பசி கடைசில பெரியவர் கூப்புட்டு ஆளப் பாப்பாரு. அதுக்குள்ள காலு நிக்கணும் சார், அது போதும்."

"எந்த நேரம் வருவீங்க?"

"அஞ்சு மணிதான். தீபாவளித் துணி வந்துட்டா அப்பறம் கடைய விட்டு நகர முடியாது."

ஐந்து மணிக் குழு நிரம்பியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து ரூபாயை எடுத்து டிராயரில் போட்டேன்.

மறுநாள் அவருக்கு நூற்றைம்பது கொடுத்தேன். மற்றவர்கள் அறுபதிலும் எண்பதிலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். இவர் நிற்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். நூற்றுக்கு மேல் கால் நடுங்கியது. "போதுமா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். "சாமி தூக்கணும்னா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றேன். முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி வெளியே போனார்.

மறுநாளும் வந்தார். தொடை வீங்கியிருந்தது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. அன்றைக்காவது நிறுத்தியிருக்க வேண்டும். மறுபடி ஐம்பது கொடுத்தேன்.

நான்காம் நாள் காலையில் அவர் மனைவி கூடத்துக்கு வந்தார். ஆண்கள் பனியனோடு நிற்கும் இடம் என்பதால் வாசலைத் தாண்டாமல், பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு பேசினார்.

"அவுர ஆஸ்பத்திரில சேத்துருக்குதுங்க. தண்ணிக்குப் போறது காப்பி டிக்காஷன் மாதிரி போவுது. தசை நொறுங்கி அதுல எறங்குதுன்னு டாக்டர் சொல்றாரு. கொடங்கொடமா தண்ணி குடிக்கச் சொல்றாங்க. எப்படியும் பத்து நாள் ஆவுமாம். அப்பால வந்து சேந்துக்கலாமான்னு கேட்டுனு வரச் சொன்னாரு."

அந்த நிலையிலும் அவர் கேட்டனுப்பியது அதுதான். "பாக்கலாம்மா, மொதல்ல ஒடம்பு தேறட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் சாக்கட்டியை எடுத்து 'நின்றவர்கள்' பக்கத்தில் தையல்காரரின் பெயரை எழுதினேன். ஆள் இறந்துபோவாரோ என்று பயந்தேன். பெயர் அங்கே இருந்தால், அவராகவே விட்டுப் போனவர் என்று ஆகிவிடும் என்று புத்தி வேலை செய்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மிஷின் மிதிக்க ஒரு மாதம் ஆயிற்று. தீபாவளித் துணி எல்லாம் வேறு கடைக்குப் போனது. சாமி தூக்கும் கூட்டத்தின் பெரியவர் மண்டிக்கு வந்துபோகிறவர். அவர் பலகையைப் படித்திருக்கிறார். ஐப்பசிக் கடைசியில் ஆள் பார்த்தபோது, "ஓட்டைக் கொட்டாயிலயே மூணு நாள் நிக்க முடியலியாம். மாட வீதி நாலும் சுத்திட்டு வந்து நிப்பானா இவன்?" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார். இதை மூட்டைக்காரர்தான் என்னிடம் சொன்னார். அப்போது அவர் வேடிக்கையாகப் பேசவில்லை.

அந்தக் கார்த்திகையில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். இடப்பக்கம் மூன்றாவது தோளில் மில் தொழிலாளி. தையல்காரர் கோயில் பக்கமே வரவில்லை. அங்கிருந்து நேராகக் கூடத்துக்குப் போய்ப் பலகையைக் கழுவினேன். அதை மட்டும் செய்துவிட்டு மேலும் நான்கு மாதம் கூடத்தை நடத்தினேன் என்பதையும் சொல்லவேண்டும். புதியவர்களுக்குப் பத்தில் ஆரம்பித்தேன். நின்றவர்கள் குறைந்தார்கள். அது என்னை இன்னும் உறுத்தியது, ஏனென்றால் அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துவிட்டது.

மாசியில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். தையல்காரர் தானாக நிற்கவில்லை, நான்தான் நிற்கும்படி செய்தேன், இடத்துக்கும் பணத்துக்கும் ஆசைப்பட்டுச் செய்தேன், நூற்றைம்பதையும் முடித்த ஒரே ஆள் அவர்தான் என்று.

பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "நூத்தம்பதும் முடிச்சானா?"

"முடிச்சாருங்க."

"இத ஐப்பசிலயே சொல்றதுக்கு இன்னா?"

மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற? அந்தப் பையன் நல்லாத்தான் தூக்கனான். அவன எறக்கறதா? அது ஒரு பாவம் ஆவாதா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலைப் பொறப்பாட்டுக்குச் சாமிய வெச்சுத் தோள்ல தூக்கற சின்ன விமானம் ஒண்ணு இருக்குது. அதுல ஆள் கம்மி. ஒடம்பத் தேத்தினு வரட்டும், பாக்கறேன்" என்றார்.

நான் சொன்னது ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முன்பணம் கட்டியவர்கள் வந்து கேட்டார்கள், கொடுத்தேன். பளுவையும் கரலாக்கட்டைகளையும் கண்ணாடியையும் விற்றுக் கொடுத்து முடிந்தபோது கூடத்தில் பார் இரண்டும் மணலும்தான் மிச்சம். பங்குனியில் கூடத்தை மூடினேன்.

அதற்கு முன், தையல்காரரின் கடைக்குப் போய்ப் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். கத்திரியைக் கீழே வைக்காமல் கேட்டார். மன்னிப்பும் கேட்டேன். "மறுபடி சொல்லித் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். கூடத்தை மூடிய பிறகும் வாடகை கட்டி வைத்துக்கொண்ட அந்தக் காலி கிடங்கில், ஐந்து மணிக்கு, அவர் ஒருவருக்கு மட்டும் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் பத்து பஸ்கி. பத்து முடிந்ததும் அவராகவே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கடைசி மாதங்களில் தோளில் மணல் மூட்டையோடு கிடங்கைச் சுற்றி நடந்தார்.

அடுத்த கார்த்திகையிலிருந்து காலைப் புறப்பாட்டில் அவர் தோள் கொடுத்தார். அறுபதுகள் முழுதும் கொடுத்தார். இரவு வாகனத்தில் அப்பாவின் இடம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அந்த நேரத்தில் அவர் தண்டுக்குப் பக்கத்தில், சித்தப்பா மகனுக்கு விசிறிக்கொண்டே நடந்து வருவார்.

எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்த பிறகு ஒரு வருடம், சித்தப்பா மகனுக்கு இடுப்பில் பிடிப்பு என்று கேள்விப்பட்டுத் தையல்காரரின் கடைக்குப் போனேன். பெரியவரிடம் நான் மறுபடி பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றார். "அது இப்ப அவன் எடம். நீங்க யாருக்கும் எடம் பாக்காதீங்க."

பிறகு சட்டைக்கு அளவெடுக்க வந்திருந்த ஒருவரை அழைத்து, நாடாவை அவர் தோளில் வைத்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.